எழுத்துத் திருட்டும் சான்று காட்டலும்: முதலாமாண்டு வினாடி வினா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினாடி வினாவில் என்ன கேட்பீர்கள்? எதைப் படித்துவிட்டு வர வேண்டும்?

மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. ஒரு மூலப் பத்தியையும், அதைப் பயன்படுத்தி மாணவர்கள் எழுதியதுபோல் அமைக்கப்பட்ட சிறு மாதிரிப் பத்திகளையும் தருவோம். ஒவ்வொரு மாதிரியிலும் மூன்று வேலைகள் உண்டு: அது சரியா தவறா என்று முடிவு செய்ய வேண்டும், தவறு என்றால் எந்த இடத்தில் என்று அடிக்கோடிட வேண்டும், பிறகு அதைத் திருத்தி எழுத வேண்டும். மொத்தம் பத்து மாதிரிகள், 45 நிமிடங்கள்.

கீழேயுள்ள விளக்கங்கள் எல்லாம் பின்வரும் மூலப் பத்தியைச் சுற்றியே செல்வதால் அதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். இது பயிற்சிக்காக நாங்களே எழுதியது. எனவே நூலாசிரியரின் பெயர் வர வேண்டிய இடத்தில் "ஆசிரியர்" என்றே போட்டிருக்கிறோம். ஆண்டு 2015 என்றும் பக்கம் 42 என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

> தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழையே முக்கிய மழையாகும். சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் அந்த மழையை ஆண்டு முழுவதற்கும் தேக்கி வைக்கவே ஏரிகள் சங்கிலித் தொடராக வெட்டப்பட்டன. மேல் ஏரி நிரம்பி வழியும் நீர் கலிங்கு வழியாகக் கீழ் ஏரிக்குச் சென்றது. ஆகவே ஓர் ஏரியின் வரத்துக்கால்வாய் அடைபட்டால் அந்த ஊர் மட்டுமல்லாமல் அடுத்த ஊரும் சேர்ந்தே துன்பப்படுகிறது. ஏரிப் பராமரிப்பு ஓர் ஊரின் வேலை அல்ல, ஒரு தொடரின் வேலை.

எழுத்துத் திருட்டு, கருத்துத் திருட்டு என்று இரண்டு சொற்களையும் கேட்கிறோம். இரண்டும் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றுக்கு மற்றொன்றாகப் புழங்குகின்றன. ஆனால் இந்தத் தேர்வுக்கு அவற்றைப் பிரித்துப் பார்ப்பது உதவும். பிறருடைய சொற்களையும் வாக்கிய அமைப்பையும் தன்னுடையதுபோல் காட்டுவது எழுத்துத் திருட்டு. சொற்கள் முழுவதும் மாறியிருந்தும், பிறர் சிந்தித்துக் கண்ட முடிவைத் தான் கண்டதுபோல் சொல்வது கருத்துத் திருட்டு. முதலாவதற்கு மருந்து மேற்கோள் குறி அல்லது உண்மையான மறு எழுத்து. இரண்டாவதற்கு மருந்து சான்று. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குப் போடுவதால்தான் பெரும்பாலான மதிப்பெண்கள் போகின்றன.

கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டிருக்கிறேன். அப்புறமும் ஏன் தவறு என்கிறீர்கள்?

> மாதிரி 1: நீர்நிலைகளைக் காப்பதில் கூட்டுப் பொறுப்பு தேவை. ஓர் ஏரியின் வரத்துக்கால்வாய் அடைபட்டால் அந்த ஊர் மட்டுமல்லாமல் அடுத்த ஊரும் சேர்ந்தே துன்பப்படுகிறது. ஏரிப் பராமரிப்பு ஓர் ஊரின் வேலை அல்ல, ஒரு தொடரின் வேலை என்கிறார் ஆசிரியர் (2015, ப. 42).

இந்த மாணவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை என்பது தெரிகிறது. ஆனாலும் சான்று ஒரு செய்தியை மட்டுமே சொல்கிறது: இந்தக் கருத்து இன்னாரிடமிருந்து வந்தது. சொற்களும் அவருடையவையே என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் ஒரே கருவி மேற்கோள் குறிதான்.

தமிழில் இந்தச் சிக்கல் கூடுதலாகவே உண்டு. ஒருவர் சொன்னதை அப்படியே தந்தாலும், அதன் சாரத்தை நம் சொற்களில் தந்தாலும், இரண்டையும் "என்று" அல்லது "என்கிறார்" போட்டே முடிக்கிறோம். எனவே மேற்கோள் குறியை விட்டுவிட்டால், "ஒரு தொடரின் வேலை" என்ற அழகான சொல்லாட்சி ஆசிரியருடையதா, மாணவருடையதா என்று படிப்பவர் அறிய வழியே இல்லை.

இதே மாதிரியில் இன்னொரு குறையும் இருக்கிறது. "என்கிறார்" கடைசி வாக்கியத்தின் முடிவில்தான் வருகிறது. அப்படியானால் அதற்கு முந்தைய வாக்கியம் யாருடையது? மாணவர் இரண்டு வாக்கியங்களையும் எடுத்திருக்கிறார். ஆனால் சான்று ஒன்றை மட்டுமே தழுவி நிற்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருவதால், கடன் எங்கே முடிகிறது என்பது தானாகத் தெரியும். எங்கே தொடங்குகிறது என்பதை நாம்தான் முயன்று காட்ட வேண்டும். ஆசிரியரின் பெயரை முன்னால் கொண்டு வருவதே இதற்கு எளிய வழி:

> திருத்தம்: நீர்நிலைகளைக் காப்பதில் கூட்டுப் பொறுப்பு தேவை. ஆசிரியரின் (2015) கருத்துப்படி, ஒரு கால்வாய் அடைபட்டால் பக்கத்து ஊரும் பாதிக்கப்படுவதால், "ஏரிப் பராமரிப்பு ஓர் ஊரின் வேலை அல்ல, ஒரு தொடரின் வேலை" (ப. 42).

"கருத்துப்படி" என்பது கதவைத் திறக்கிறது, பக்க எண் மூடுகிறது. நடுவில் எது சாரம், எது அப்படியே எடுத்த சொல் என்பதை மேற்கோள் குறி காட்டிவிடுகிறது.

ஒவ்வொரு சொல்லையும் மாற்றிவிட்டேன், சான்றும் கொடுத்துவிட்டேன். இனி என்ன குறை?

எங்கள் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

> மாதிரி 2: ஒருசில வாரங்களில் பெய்து முடியும் அம்மழையை வருடம் முழுமைக்கும் சேமித்து வைக்கவே குளங்கள் சங்கிலிபோல் தோண்டப்பட்டன. மேல் குளம் நிறைந்து வழியும் தண்ணீர் கலிங்கு மூலமாகக் கீழ்க் குளத்திற்குப் போனது (ஆசிரியர், 2015, ப. 42).

மூலத்தை மேல் வரியிலும் மாதிரியைக் கீழ் வரியிலும் எழுதிப் பாருங்கள். ஆண்டுக்குக் கீழே வருடம், தேக்கி என்பதற்குக் கீழே சேமித்து, ஏரிகளுக்குக் கீழே குளங்கள், வெட்டப்பட்டன என்பதற்குக் கீழே தோண்டப்பட்டன என்று சொல்லுக்குச் சொல் நேராக வந்து உட்காரும். வாக்கியம் யாருடையது என்பதைச் சொற்களைவிட அவை நிற்கும் வரிசையே தெளிவாகக் காட்டுகிறது. இங்கே எலும்புக்கூடு முழுவதும் ஆசிரியருடையது. மாணவர் மேலே துணியை மட்டும் மாற்றியிருக்கிறார். அமெரிக்க எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹவர்ட் 1990களில் இதற்குப் "பேட்ச்ரைட்டிங்" என்று பெயர் வைத்தார். நாங்கள் வகுப்பில் ஒட்டு எழுத்து என்கிறோம். ஒரு துறைக்குப் புதிதாக வருபவர் மூலத்தை இன்னும் முழுதாக உள்வாங்காத நிலையில் இப்படி எழுதுவது இயல்பு என்பதும், இதை உடனே ஏமாற்று வேலையாகக் கருதக்கூடாது என்பதும் அவர் வாதம். நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். இத்தகைய மாதிரியை "திருட்டு" என்று எழுதுபவரைவிட, "சான்று சரி, மறு எழுத்து போதாது" என்று எழுதுபவருக்கே முழு மதிப்பெண்.

இதில் உண்மையான இழப்பு வேறொன்று. சொல்லை மட்டும் மாற்றப் போனவர் பொருளையும் கெடுத்துவிட்டார். வட மாவட்டங்களில் பாசனத்துக்கு நீர் தேக்குவது ஏரி. குளம் என்றால் பெரும்பாலும் கோயில் குளமோ குளிக்கும் குளமோதான் நினைவுக்கு வரும். திருநெல்வேலிப் பக்கம் பாசன நீர்நிலையையே குளம் என்பார்கள், மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் கண்மாய் என்பார்கள். மூலம் எந்த வட்டாரத்தைப் பேசுகிறது என்று பாராமல் ஏரியைக் குளமாக்கினால் அது மறு எழுத்து ஆகாது, தவறான தகவல் ஆகிவிடும். அதே நேரத்தில் "கலிங்கு" மாறாமல் நிற்பதில் எந்தத் தவறும் இல்லை. உபரி நீர் வழியும் அமைப்புக்கு அதுதான் பெயர். துறைச் சொற்களை மாற்ற வேண்டியதில்லை, மாற்றவும் கூடாது. "கொட்டித் தீர்க்கும்" போன்ற ஆசிரியரின் சொல்லாட்சி வேறு, "கலிங்கு" போன்ற பொருட்பெயர் வேறு என்பதைப் பிரித்தறிவது வினாடி வினாவில் தனியாகவே சோதிக்கப்படும்.

அப்படியென்றால் சொந்த நடையில் எழுதுவது எப்படி? படித்த வாக்கியமே கையில் வருகிறதே!

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அப்படித்தான் வரும். பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு மூடி வையுங்கள். பிறகு ஒரு துண்டுத் தாளில் வாக்கியமாக இல்லாமல் துணுக்குகளாகக் குறியுங்கள். என் மாணவி ஒருவர் இதே பத்திக்கு எழுதிய குறிப்பு இது: "மழை 3 மாதம் – தேக்கணும் – ஏரி ஒன்றை ஒன்று நம்பி – மேலே அடைப்பு, கீழே பாதிப்பு – பராமரிப்பு தொடருக்கு, ஊருக்கு அல்ல". அடுத்து அவர் தம்மிடமே கேட்டுக்கொண்ட கேள்விதான் முக்கியமானது: என் கட்டுரைக்கு இதில் எது வேண்டும்? அவருடைய கட்டுரை தம் ஊராட்சியில் நடந்த தூர்வாரும் பணியைப் பற்றியது. எனவே மழையைப் பற்றிய பகுதி அவருக்குத் தேவைப்படவில்லை. துண்டுத் தாளின் கடைசி மூன்று துணுக்குகளிலிருந்து அவர் எழுதியது இது:

> மாதிரி 3: எங்கள் ஊராட்சி தூர்வாரும் பணியை ஊர் எல்லையோடு நிறுத்திக்கொண்டது. ஏரிகள் ஒன்றையொன்று நம்பியிருப்பதால் மேலேயுள்ள ஊரின் கவனக்குறைவு கீழேயுள்ள ஊரின் பாசனத்தைக் கெடுக்கும் என்று ஆசிரியர் (2015, ப. 42) சுட்டுவதை ஏற்றால், இந்தப் பணி பாதியில் நின்ற பணியே.

முதல் வாக்கியம் அவர் கண்ணால் கண்டது. இரண்டாவதன் நடுப்பகுதி ஆசிரியருடையது, அதை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "பாதியில் நின்ற பணி" என்ற தீர்ப்பு மறுபடியும் அவருடையது. மூலத்தோடு சொல்வரிசை எங்கும் ஒத்துப்போகவில்லை. ஏனென்றால் அவர் தொடங்கிய இடமே வேறு. எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, ஆசிரியர் சொல்லாத எதையும் அவர் தலையில் கட்டிவிட்டோமா என்று சரிபார்க்க வேண்டும். உதாரணமாக, இந்த மூலம் "அரசின் அலட்சியம்" பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அப்படி எழுதிவிட்டு ப. 42 என்று சான்று கொடுத்தால் அதுவும் குற்றமே, ஒருவகையில் திருட்டைவிடப் பெரிய குற்றம் என்றே நான் கருதுகிறேன்.

முழுக்க என் சொந்த வாக்கியம் என்றால் சான்று எதற்கு?

> மாதிரி 4: ஏரிகளைத் தூர்வாருவதை ஊர்வாரியாகத் திட்டமிடுவது பயன் தராது. ஒரே நீர்வழியில் உள்ள எல்லா ஏரிகளையும் ஒரே அலகாகக் கொண்டு பராமரித்தால்தான் கடைசி ஊர் வரை நீர் சேரும்.

நடை தெளிவாக இருக்கிறது, மூலத்தின் சொல்லாட்சி எதுவும் இல்லை. ஒத்த சொற்களைத் தேடிக் காட்டும் மென்பொருளிலும் இது அகப்படாது. ஆனாலும் "ஊர் அல்ல, தொடரே அலகு" என்ற முடிவுக்கு வந்தவர் ஆசிரியர். மாணவர் அந்த முடிவை வாங்கிக்கொண்டு வாங்கிய இடத்தைச் சொல்லவில்லை. கருத்துத் திருட்டுக்குச் சரியான எடுத்துக்காட்டு இதுவே. திருத்தமோ மிகச் சிறியது: தொடக்கத்தில் "ஆசிரியர் (2015) வலியுறுத்துவதுபோல" என்று சேர்த்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழை பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்குமா சான்று?

வேண்டாம். தமிழ்நாட்டுக்கு அந்த மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது என்பது பள்ளிப் பாடநூலிலேயே உள்ள பொது அறிவு. ஆண்டு மழையில் அதன் பங்கு இத்தனை விழுக்காடு என்று ஓர் எண்ணைத் தந்தால் நிலைமை மாறிவிடும். அந்த எண்ணை யாரோ அளந்து கணக்கிட்டிருக்கிறார்கள். எந்த ஆண்டுகளின் சராசரி என்பதைப் பொறுத்து அது வேறுபடவும் செய்யும். ஆகவே சான்று தேவை. செய்தி பொதுவானது என்பதால் அதைச் சொன்ன வாக்கியமும் பொதுவாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்: மூலத்தின் முதல் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி வேண்டும்.

ஆங்கிலக் கட்டுரையை நானே உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அந்தத் தமிழ் என்னுடையதுதானே?

உழைப்பு உங்களுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் வாதமும் அதன் அடுக்கும் எடுத்துக்காட்டுகளும் மூல ஆசிரியருடையவை. சான்று இல்லாத மொழிபெயர்ப்பு எழுத்துத் திருட்டே. சொல்லப்போனால், தமிழ்வழியில் பயிலும் மாணவர்களிடம் நான் அதிகம் காணும் வகை இதுதான். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறு என்று அறியாமலேயே செய்கிறார்கள்.

வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்திருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் வைத்து, சான்றோடு "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்றும் சேர்த்துவிடுங்கள். சாரத்தை மட்டும் எடுத்தீர்கள் என்றால் வழக்கமான சான்றே போதும். வினாடி வினாவில் ஒரு மாதிரியின் மூலம் ஆங்கிலத்தில் இருக்கும். மொழி மாறியதைக் கண்டு ஏமாறாமல், வாக்கியங்களின் வரிசை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நூலில் இன்னொருவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அந்த மேற்கோளை மட்டும் எடுத்தால் யாருக்குச் சான்று?

முதலில் சொன்னவரின் நூலைத் தேடிப் பார்ப்பதே நல்லது. கிடைக்கவில்லை என்றால், சொன்னவர் பெயரையும் நீங்கள் உண்மையில் படித்த நூலையும் சேர்த்தே காட்டுங்கள்: "(முதல் ஆசிரியர், மேற்கோள்: இரண்டாம் ஆசிரியர், 2015, ப. 42)". துணைநூற்பட்டியலில் நீங்கள் கையில் வைத்துப் படித்த நூல் மட்டும் இடம்பெறும். படிக்காத நூலைப் படித்ததுபோல் காட்டும்போது இடையில் இருப்பவர் செய்த பிழையும் உங்கள் கணக்கில் வந்துசேர்கிறது. ஒரு வருடம் மூன்று மாணவர்களின் ஒப்படைப்புகளில் ஒரே மேற்கோள், ஒரே தவறான பக்க எண்ணோடு வந்தது. மூவரும் மூல நூலுக்கே சான்று கொடுத்திருந்தார்கள். நூலகத்திலிருந்து அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தபோது, அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு வரைபடம் மட்டுமே.

மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்று சீனியர்கள் சொல்கிறார்களே?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகளிலிருந்து வந்த எண் அது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60க்கு மேல் என்று அதற்குப் பிறகு மூன்று நிலைகள் உண்டு. ஆனால் முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளையும் வெளியிடப்படும் ஆய்வுக் கட்டுரைகளையும் நோக்கி எழுதப்பட்ட விதிகள் அவை. வகுப்பு ஒப்படைப்புகளையும் பருவக் கட்டுரைகளையும் விடைத்தாள்களையும் அவை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கின்றன. முதலாமாண்டு மாணவரின் ஒப்படைப்புக்கு அந்தத் துறையும் கல்லூரியும் வகுத்த விதியே பொருந்தும்.

அந்த விதிமுறைகளில் இன்னொரு விலக்கும் இருக்கிறது: பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரை கணக்கில் சேர்ப்பதில்லை. இதை "14 சொற்கள் வரை எடுத்துக்கொள்ளலாம்" என்று புரிந்துகொள்கிறார்கள். தமிழில் அது எவ்வளவு பெரிய இடம் என்று எண்ணிப் பாருங்கள். வேற்றுமை உருபும் கால இடைநிலையும் சொல்லோடு ஒட்டியே வருவதால் நம் வாக்கியங்களுக்குச் சொற்கள் குறைவாகவே போதும். மூலப் பத்தியின் மூன்றாவது வாக்கியம் முழுவதும் 10 சொற்கள். ஆசிரியரின் மைய வாதமாகிய கடைசி வாக்கியம் வெறும் 9 சொற்கள். அந்த 9 சொற்களைச் சான்றில்லாமல் எடுப்பவர் பத்தியின் உயிரையே எடுத்துவிடுகிறார், எந்த எண்ணிக்கையிலும் அது பதிவாவதில்லை. ஒத்திருக்கும் சொற்களைக் காட்டுவது மட்டுமே மென்பொருளின் வேலை. மாதிரி 4 அதன் வழியாகச் சுலபமாகத் தப்பிவிடும். முறையாக மேற்கோள் காட்டிய பத்தியோ அதே மென்பொருளில் வண்ணம் பூசப்பட்டு நிற்கக்கூடும். எனவே எங்கள் வினாடி வினாவில் விழுக்காட்டுக்கு இடமே இல்லை.

தோழியின் ஒப்படைப்பைப் பார்த்து எழுதினேன், அவளும் சம்மதித்தாள். அது எப்படித் திருட்டாகும்?

சம்மதம் கொடுத்தவர் தோழி, ஏமாற்றப்படுபவர் படிப்பவர். இந்த வகையில் இருவரின் தாளும் திருப்பி அனுப்பப்படும். சேர்ந்து படிப்பதும் பேசுவதும் தடையில்லை. எழுதும்போது தனித்தனியாக எழுதுங்கள். நீங்களே போன பருவத்தில் வேறொரு தாளுக்குக் கொடுத்ததை இந்தப் பருவத்தில் மீண்டும் கொடுக்க விரும்பினால், முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

துணைநூற்பட்டியலில் தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது? முன்னெழுத்து முதலில் வருமா?

பெயரை முதலில் எழுதி, காற்புள்ளி இட்டு, முன்னெழுத்தைப் பின்னால் எழுதுங்கள். அகரவரிசை பெயரின் முதல் எழுத்தைப் பின்பற்றும். ஆங்கிலத்துக்காக அமைந்த மேற்கோள் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால், தந்தை பெயரைப் பின்னால் எழுதும் தமிழ் ஆசிரியர் அங்கே தம் தந்தையின் பெயரில் பட்டியலாகிவிடுவார். தானாக உருவான பட்டியலை அப்படியே ஒட்டாமல் ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள். இதற்கு வினாடி வினாவில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

மதிப்பெண் எப்படி? தவறாக முடிவு செய்தால் மொத்தமும் போய்விடுமா?

ஒவ்வொரு மாதிரிக்கும் 4 மதிப்பெண்கள்: முடிவுக்கு 1, இடத்தைச் சுட்டுவதற்கு 1, திருத்தத்துக்கு 2. முடிவு தவறிப்போனாலும் திருத்தம் பொருத்தமாக இருந்தால் அதற்குரிய மதிப்பெண் கிடைக்கும். பத்தில் இரண்டு மாதிரிகள் எந்தக் குறையும் இல்லாதவை. அவற்றில் திருத்தத்துக்குப் பதிலாக, ஏன் சரி என்று இரண்டு வரிகளில் எழுத வேண்டும். சென்ற முறை பலர் பயத்தில் அவற்றுக்கும் தேவையில்லாத சான்றுகளைச் சேர்த்து மதிப்பெண் இழந்தார்கள்.